135 வீட்டுல 57 வீடு, அப்ப எங்க ஊர்ல 42 சதவீதம்னு சொல்லலாமா?

பள்ளத்தூர்_பொண்ணு
எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. ரெண்டாம் வருஷம் படிக்கிறேன், காரைக்குடி பக்கத்துல ஒரு ஊர். எங்க ஊருணிய தூர்வாரப் பேச்சு நடக்குது, அதுக்கு முன்னாடி ஊர்ல எத்தனை வீட்டுல மழைத்தண்ணிய கிணத்துக்கோ தொட்டிக்கோ விடுறாங்கன்னு பாத்துடலாம்னு நாங்க நாலு பேர் சேந்து சர்வே எடுத்தோம். முதல்ல தெருத்தெருவா நடந்து வாசல் வாசலா லிஸ்ட் எழுதுனோம், மொத்தம் 1000. அதுல 150 வளவு வீடு, அதாவது நடுவுல முற்றம் வச்ச பழைய பெரிய வீடு, மிச்சம் 850 ஓட்டு வீடு, ஒட்டு வீடு, புதுசா கட்டுன காங்கிரீட் வீடு எல்லாம் சேத்து, இதை சின்ன வீடுன்னு வச்சுக்கிட்டோம். வளவு வீட்டைப் பத்தி தனியா ஒரு அத்தியாயம் எழுதணும்னு ஆசை, அதனால 150ல பாதி, அதாவது 75 எடுத்தோம், சின்ன வீட்டுல 850க்கு 85. ரெண்டுமே ரேண்டம் நம்பர் போட்டுத்தான் எடுத்தது, இஷ்டத்துக்கு எடுக்கல.

வளவு வீடு 75ல 25 பூட்டிக் கிடந்துச்சு, மூணு தடவை போயும் ஆள் இல்ல. தொறந்திருந்த 50ல 40 வீடு ஆமான்னாங்க. சின்ன வீடு 85லயும் பதில் கிடைச்சுது, அதுல 17 ஆமா. மொத்தம் 135க்கு 57, 42 சதவீதம். கூட்டத்துல இந்த நம்பரைச் சொல்லப்போறோம், ஆனா எனக்கு மனசு ஒப்பல. சின்ன வீட்டுத் தெருவுல நடந்து பாத்தா பத்துல ரெண்டு வீட்டுல கூட குழாய் தெரியல, அப்புறம் எப்படி ஊருக்கே 42?

காரைக்குடி_சுப்பு
ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை வெயிட்டேஜ் குடுத்தீங்க? கிணத்துக்கு விட்டா 5 மார்க், தொட்டிக்கு விட்டா 3 மார்க் அப்படி போட்டு கூட்டுனாத்தான் சரியா வரும், எல்லாத்தையும் ஒண்ணா எண்ணுனா இப்படித்தான் குழம்பும்.

பள்ளத்தூர்_பொண்ணு
அண்ணே அது மார்க் போடுற வெயிட்டேஜ், என் பிரச்னை அது இல்ல. கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், ஆமா இல்லை. எந்த வீடு எவ்வளவு எடுத்தோம்ங்கறதுலதான் எனக்கு சந்தேகம்.

பழைய_மல்டிப்ளையர்
உன் சந்தேகம் நியாயமானது தாயி. நான் மத்திய அரசு சாம்பிள் சர்வேயில முப்பது வருஷம் வீடு வீடா அலைஞ்சவன், அங்க நாங்க இதை மல்டிப்ளையர்னு சொல்லுவோம். வசதியான வீடு ஊர்ல கொஞ்சமாத்தான் இருக்கும், அப்படியே குலுக்கி எடுத்தா ஒண்ணுகூட மாட்டாது, அதனால அதை ஒரு தனி அடுக்கா வச்சு கூடுதலா எடுப்போம். எடுக்கறது தப்பே இல்ல, நீங்க செஞ்சதும் அதேதான். ஆனா கூடுதலா எடுத்ததை கணக்கு பண்றப்ப திருப்பிக் குறைக்கணும், அந்த வேலை இன்னும் பாக்கி இருக்கு.

இப்படி பாரு. சின்ன வீட்டுல பத்துக்கு ஒண்ணு எடுத்தீங்க. அப்ப உன் கையில இருக்கற ஒவ்வொரு சின்ன வீட்டு ஃபார்மும் பத்து வீட்டுக்குப் பதில் சொல்லுது. வளவு வீட்டுல ரெண்டுக்கு ஒண்ணு, அந்த ஃபார்ம் ரெண்டே வீட்டுக்குத்தான். 135ஐயும் ஒண்ணா கொட்டி எண்ணுறப்ப ரெண்டு வீட்டுக்காரருக்கும் பத்து வீட்டுக்காரருக்கும் ஒரே ஓட்டு குடுத்துட்டே. ஊர்ல வளவு வீடு 15 சதவீதம், உன் 135ல அது 50, அதாவது 37 சதவீதம். அவுக பக்கம் ஆமா அதிகம், அதான் மொத்தமும் மேல ஏறிடுச்சு.

இப்ப பூட்டுன 25ஐ என்ன பண்றது? அவுகளும் தொறந்திருந்த 50 மாதிரிதான்னு தற்காலிகமா வச்சுக்க, அப்ப 150 வீட்டுக்கு 50 ஃபார்ம், ஒண்ணுக்கு 3. வளவு வீடு 40 பெருக்கல் 3, அது 120. சின்ன வீடு 17 பெருக்கல் 10, அது 170. கூட்டுனா 290, ஊர் மொத்தம் 1000, ஆக 29 சதவீதம். நீ தெருவுல நடந்தப்ப கண்ணுல பட்டது இதுக்குத்தான் கிட்ட வருது.

எக்செல்ல B காலத்துல ஆமாக்கு 1, இல்லைக்கு 0, C காலத்துல வெயிட், அதாவது ஒரு ஃபார்ம் எத்தனை வீட்டுக்குப் பேசுதோ அந்த 3 இல்லைன்னா 10, இருந்தா இவ்வளவுதான்:

```
=SUMPRODUCT(B2:B136,C2:C136)/SUM(C2:C136)
```

கீழ உள்ள SUM மட்டும் தனியா ஒரு தடவை போட்டுப் பாத்துக்க. 1000 வரணும். வரலைன்னா எங்கயோ வெயிட் தப்பு, மேல போகாத.

கானாடுகாத்தான்காரன்
நான் இதுல கொஞ்சம் மாறுபடறேன் ஐயா. வளவு வீடு 80 சதவீதம், சின்ன வீடு 20 சதவீதம், இது ரெண்டும் வெயிட் போட்டாலும் போடாட்டியும் மாறலயே? ரெண்டையும் தனித்தனியா சொல்லிட்டா போதும், இந்தப் பெருக்கல் எதுக்கு?

பழைய_மல்டிப்ளையர்
தம்பி சொல்றது அந்த ரெண்டு நம்பருக்கு சரி. ஒரே அடுக்குக்குள்ள எல்லாருக்கும் ஒரே வெயிட், மேலயும் கீழயும் அடிபட்டுப் போயிடும். ஆனா இந்தப் புள்ள வேற ஏதாவது வாக்குல பிரிச்சு கேட்டா என்ன பண்ணுவே? உதாரணத்துக்கு சொந்தக் கிணறு இருக்கற வீட்டுல எத்தனை பேரு மழைத்தண்ணி விடுறாகன்னு கேட்டா, அந்தக் கிணத்து வீட்டுக்குள்ள வளவும் இருக்கும் சின்னதும் இருக்கும், வெயிட் இல்லாம எண்ணுனா மறுபடியும் வளவு பக்கம் சாயும். அடுக்கைத் தாண்டி ஒரு நம்பர் சொல்ற எடத்துல எல்லாம் இது வந்து நிக்கும்.

ஊருணிக்கரை
ஐயா கணக்கு சரி, நான் இன்னும் ஈசியா ஒண்ணு செய்வேன். எக்செல்ல சின்ன வீட்டு வரி ஒவ்வொண்ணையும் பத்து தடவை காப்பி பண்ணு, வளவு வீட்டு வரிய மூணு தடவை, மொத்தம் 1000 வரி வந்துரும், அப்புறம் எந்த சாஃப்ட்வேர்ல வேணாலும் சாதாரணமா போட்டுக்கலாம், பிவோட் டேபிள் கூட வேலை செய்யும். எங்க ஆபீஸ்ல ரொம்ப நாளா இப்படித்தான், 29 கரெக்டா வரும். நான் உங்க டேட்டாவ இப்படி போட்டுப் பாத்தேன், கூடக்கொறைய 3 சதவீதத்துக்குள்ள தப்பு, அதாவது 26லேந்து 32க்குள்ள. ரொம்ப நல்ல சர்வே.

பழைய_மல்டிப்ளையர்
29 வரும், அதுல சண்டை இல்ல. அந்த 3தான் தப்பு. நீங்க காப்பி பண்ணதும் கம்ப்யூட்டர் 1000 வீட்டுல போய் கேட்டதா நெனச்சுக்குது, கேட்டது 135தான். சின்ன வீட்டுல 850க்கும் சேத்துப் பேசறது வெறும் 85 ஃபார்ம். அடுக்கை அடுக்கா வச்சு முறையா போட்டா கூடக்கொறைய 7 வருது, 22லேந்து 36 வரைக்கும். காப்பி பண்றது, அப்புறம் சில சாஃப்ட்வேர்ல வெயிட்டை எண்ணிக்கைன்னு சொல்லிக் குடுக்கறது, ரெண்டும் ஒரே தப்புதான். R தெரிஞ்ச புள்ளைங்க இப்படி போடுங்க, vagaiன்னா வளவா சின்னதா, Nல வளவு வரிக்கு 150, சின்ன வரிக்கு 850:

```r
library(survey)
d <- svydesign(ids = ~1, strata = ~vagai,
               weights = ~wt, fpc = ~N, data = veedu)
svymean(~mazhai, d)
```

இதுல இன்னொண்ணும் தெரியும். அந்த 7ல கிட்டத்தட்ட முழுசும் சின்ன வீட்டுப் பக்கத்துலேந்துதான் வருது, வளவு வீட்டுப் பங்கு துளியூண்டு. ஏன்னா ஊர்ல 85 சதவீதம் அங்க இருக்கு, அங்க பத்துக்கு ஒண்ணுதான் கேட்டிருக்கு. வளவுக்குன்னு தனி அத்தியாயம் வேணும்னு அங்க அள்ளி எடுத்தாக, அதுக்கு விலை ஊர் மொத்த நம்பர்ல குடுக்கறோம். வெயிட் மேடு பள்ளமா இருந்தா எவ்வளவு பலம் போச்சுன்னு பாக்க ஒரு கைக்கணக்கு உண்டு, கிஷ்ங்கற சாம்பிள் சர்வே நிபுணர் சொன்னது: வெயிட்டைக் கூட்டி வர்க்கம், கீழ ஒவ்வொரு வெயிட்டோட வர்க்கத்தையும் கூட்டுனது. இங்க 10,00,000ஐ 8,950ஆல வகுத்தா சுமார் 112. 135 வீடு ஏறி இறங்கியிருக்கீங்க, ஊர் மொத்தத்துக்கு அதுல 112 வீட்டுப் பலம்தான் நிக்குது. இது தோராயம்தான், ஆனா கூட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்கணும்.

ஊருணிக்கரை
அட, இது எனக்கு இத்தனை நாள் தெரியாது. எங்க பழைய ரிப்போர்ட் எல்லாத்துலயும் அந்த வித்தியாசத்தைச் சின்னதாத்தான் போட்டிருக்கோம். நாளைக்கே எடுத்துப் பாக்கணும்.

தேவகோட்டை_ரஸ்தா
என் கேஸையும் இங்க கேட்டுக்கறேன், மன்னிச்சுக்கங்க. நான் ரேண்டமா வீடு எடுத்தேன், எல்லா வீட்டுக்கும் சம வாய்ப்பு, பெரிய வீடு சின்ன வீடுன்னு பிரிக்கவே இல்ல. வீட்டுக்கு ஒரு ஆள்கிட்ட போன்ல பணம் அனுப்பத் தெரியுமான்னு கேட்டேன். வீடு சமமா எடுத்ததால எனக்கு வெயிட் வேண்டாம்தானே? ஆனா பாதிப் பேர் தெரியாதுன்னு சொல்றாங்க, பாத்தா பதில் சொன்னதுல நிறைய தனியா இருக்கற ஆச்சிகள்.

பழைய_மல்டிப்ளையர்
வீட்டுக்கு சம வாய்ப்பு, ஆளுக்கு இல்ல தம்பி. பத்து வீடுன்னு வச்சுக்க, அஞ்சுல ஒத்த ஆச்சி, பிள்ளைக எல்லாம் மெட்ராஸ் பெங்களூரு. மிச்சம் அஞ்சுல வீட்டுக்கு நாலு பெரியவுக. மொத்தம் 25 பேரு, அதுல ஆச்சி 5, அதாவது 20 சதவீதம். நீ வீட்டுக்கு ஒண்ணா பத்து பேரைக் கேட்டா அதுல ஆச்சி அஞ்சு பேரு, 50 சதவீதம். ஒத்தையா இருக்கற ஆச்சி வீட்டுக்குப் போனா அவுகதான் பதில் சொல்லியாகணும், நாலு பேரு வீட்டுல ஒருத்தருக்கு நாலுல ஒரு வாய்ப்பு. அதனால ஆளுக்கான வெயிட்ல வீட்டு வெயிட்டை அந்த வீட்டுப் பெரியவுக எண்ணிக்கையால பெருக்கணும். ஃபார்ம்ல எத்தனை பெரியவுக இருக்காகன்னு எழுதியிருக்கியா?

தேவகோட்டை_ரஸ்தா
மொத்தம் எத்தனை பேருன்னு இருக்கு, குழந்தை சேத்து. யாரு பதில் சொல்லணும்னு நாங்க குலுக்கலயும் இல்ல, கதவு தொறந்தவங்களைக் கேட்டோம்.

பழைய_மல்டிப்ளையர்
அப்ப கஷ்டம். கதவு தொறக்கறது யாருன்னு பகல் பதினோரு மணிக்குப் போனா உனக்கே தெரியும். யாருக்கு என்ன வாய்ப்புன்னு தெரிஞ்சாத்தான் அதைத் தலைகீழாக்கி வெயிட் போட முடியும். தெரியாத வாய்ப்புக்கு நான் எந்த வெயிட்டையும் குடுக்க மாட்டேன். வயசு, ஆண் பெண் வாரியா சென்சஸ் கணக்கோட ஒட்டவச்சு ஓரளவு சரிக்கட்டலாம், அது சரிக்கட்டுறதுதான்.

கானாடுகாத்தான்காரன்
அப்படி வயசு வாரியா ஒட்டவச்சா போதுமே, எல்லா சாய்வும் போயிடுமே?

கோட்டையூர்_வள்ளி
போகாதுங்க. பகல்ல வீட்டுல இருக்கற நாப்பது வயசு ஆளும் வேலைக்குப் போன நாப்பது வயசு ஆளும் போன்ல பணம் அனுப்பறதுல ஒண்ணா? வயசு ஒண்ணுதான், பழக்கம் வேற. வெயிட் நம்ம கையில இருக்கற ஆளைத்தான் பெருக்கும், வராத ஆளைக் கொண்டாந்து உக்கார வைக்காது. இதே விஷயம்தான் அந்தப் பூட்டுன 25 வீட்டுலயும் என்னை உறுத்துது. தொறந்த வளவு வீடும் பூட்டுன வளவு வீடும் ஒண்ணுன்னு ஐயா தற்காலிகமா வச்சாங்க. ஆனா மழைத்தண்ணி விஷயத்துல அது நிக்காது. வளவு சுத்தியிருக்கற தாழ்வாரத்துத் தகரக் காவாய வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி ஆள் ஏறி கூட்டணும், முதல் மழைத் தண்ணிய வெளிய விட்டுட்டு அப்புறம்தான் கிணத்துப் பக்கம் திருப்பணும். ஆளே இல்லாத வீட்டுல இதை யாரு செய்யறது?

பழைய_மல்டிப்ளையர்
வள்ளி ஆச்சி சொல்றதுதான் இந்த சர்வேயோட உண்மையான பலவீனம். எவ்வளவு தூரம் பாதிக்கும்னு பாத்துடலாம். பூட்டுன 25 ஃபார்ம் அப்படியே 50 வீட்டுக்குச் சமம். அத்தனையும் இல்லைன்னு வச்சா 80ம் 170ம் சேந்து 250, 25 சதவீதம். அத்தனையும் ஆமான்னா 300, 30 சதவீதம். நான் சொன்ன 29 கிட்டத்தட்ட மேல் நுனியில உக்காந்திருக்கு. அதனால 29ன்னு ஒத்தை நம்பரா சொல்லாத தாயி. ஹான்சனும் ஹர்விட்ஸும் 1946லயே இதுக்கு ஒரு வழி சொன்னாக: பதில் கிடைக்காத வீட்டுலேந்து திரும்பவும் குலுக்கி கொஞ்சம் எடு, அந்தக் கொஞ்சத்தை மட்டும் எப்பாடு பட்டாவது பிடி. 25ல 8 எடுத்தா ஒவ்வொண்ணும் 50ல எட்டுல ஒரு பங்கு, 6.25 வெயிட். தொறந்திருந்த 50க்கு அப்ப பழையபடி 2தான். ஆனா 8ம் கிடைக்கணும், சுலபமா கிடைச்ச அஞ்சை வச்சு ஒப்பேத்துனா மறுபடி அதே கதை.

பள்ளத்தூர்_பொண்ணு
ஐயா, 8 வீடு குலுக்கி எடுத்துட்டோம், சாவி வச்சிருக்கறவங்க நம்பர் தேடிட்டு இருக்கோம். இதுக்கு நடுவுல வேற ஒரு பூதம் கிளம்பிருச்சு. ஃபார்மை எல்லாம் திரும்ப அடுக்குறப்ப ரெண்டு ஃபார்ம்ல ஒரே விலாசம் இருக்கு, ஒண்ணு வடக்குத் தெரு, இன்னொண்ணு அதுக்கு அடுத்த தெரு. போய்ப் பாத்தா ஒரே வீடு! முகப்பு இந்தத் தெருவுல, பட்டாசாலை, வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டி பின்வாசல் அந்தத் தெருவுல. நாங்க வாசல் வாசலா லிஸ்ட் எழுதுனதால ரெண்டு தடவை எழுதிட்டோம், முன்னாடி ஐயாகிட்டயும் பின்னாடி சமைக்கிற அக்காகிட்டயும் தனித்தனியா கேட்டு ரெண்டு ஃபார்ம் வாங்கியிருக்கோம். ஒண்ணைக் கிழிச்சுப் போட்டுடவா?

பழைய_மல்டிப்ளையர்
கிழிக்காத! அந்த ரெண்டு ஃபார்மும் இருக்கட்டும், ஆனா ரெண்டுலயும் பதில் ஒண்ணா இருக்கான்னு பாரு. கிழிச்சா மாட்டுனது மட்டும்தான் தீரும், லிஸ்ட்ல ரெண்டு தடவை இருந்தும் ஒரு தடவையே மாட்டுன வீடு எத்தனை இருக்குமோ, அது அத்தனைக்கும் மத்த வீட்டைவிட ரெட்டை வாய்ப்பு கிடைச்சிருக்கு. ரெட்டை வாய்ப்புன்னா பாதி வெயிட். அம்பது ஃபார்மையும் எடுத்து எதுக்கெல்லாம் பின்வாசலும் லிஸ்ட்ல ஏறியிருக்குன்னு எண்ணிச் சொல்லு.

பள்ளத்தூர்_பொண்ணு
எண்ணிட்டோம். ரெண்டு ஃபார்ம்லயும் ஆமாதான். 50ல 20 ஃபார்ம் ரெண்டு வாசல், அதுல 18 ஆமா. ஒரு வாசல் 30, அதுல 22 ஆமா.

பழைய_மல்டிப்ளையர்
இப்போதைக்குப் பழைய 3 வெயிட்டையே வச்சுப் பாப்போம், அந்த 8 வந்ததும் மாத்திக்கலாம். ஒரு வாசலுக்கு 3, ரெண்டு வாசலுக்கு 1.5. வளவு வீடு 30 பெருக்கல் 3, 20 பெருக்கல் 1.5, ஆக 120. உங்க லிஸ்ட்ல 150ன்னு எழுதுனது வாசல் கணக்கு, வீட்டுக் கணக்கு சுமார் 120தான். ஆமா 66ம் 27ம் 93. சின்ன வீட்டோட 170 சேத்தா 263, ஊர் மொத்தம் இப்ப 970, 27 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லைன்னு தோணும், ஆனா ஊர்ல வளவு வீடு எத்தனைங்கறதே அஞ்சுல ஒரு பங்கு கொறஞ்சுபோச்சு பாரு, அத்தியாயத்துக்கு அது முக்கியம்.

கோட்டையூர்_வள்ளி
பூட்டுன வீட்டுலயும் எதுக்கு ரெண்டு வாசல்னு வெளியிலேந்து பாத்துடலாம், அதுக்கு ஆள் தேவையில்ல. ஆனா எனக்கு இன்னொரு சந்தேகம். நாலஞ்சு பங்காளி சேந்து ஒரே வளவுல தனித்தனி அடுப்படி வச்சிருக்காங்க, அது ஒரு வீடா நாலு வீடா? மழைத்தண்ணிக்கு ஒரே கூரைதான், குடும்பத்துக்கு நாலு.

பழைய_மல்டிப்ளையர்
எங்க சர்வேயில ஒரே அடுப்புல சாப்பிடறவுக ஒரு குடும்பம். இங்க கேள்வி கூரையப் பத்தினதால கூரையத்தான் எண்ணணும்னு எனக்குப் படுது. ஆனா ஊருணிக்கு எத்தனை குடும்பம் பயன்பெறும்னு கேட்டா கணக்கு மாறும். இதை சர்வே எடுத்தவுகதான் முடிவு பண்ணணும்.

கானாடுகாத்தான்காரன்
நான் அடுப்படிய எண்ணணும்னுதான் சொல்வேன். பஞ்சாயத்துல குழாய் இணைப்பும் அப்படித்தான் குடுக்கறாங்க.

பள்ளத்தூர்_பொண்ணு
கூரையையே வச்சுக்கறோம் அண்ணே, அடுப்படி எண்ணிக்கைய தனிக் காலமா எழுதி வச்சுடறோம். 8ல 6 கிடைச்சிருச்சு, ரெண்டு ஆமா, நாலு இல்லை. ஒரு வீட்டுக்கு நேத்து வாட்ச்மேன் தாத்தா கூட்டிட்டுப் போய் காட்டினார். உரிமையாளர் போன்ல ஆமா எங்க வீட்டுல தண்ணி கிணத்துக்குத்தான் போகும்னு சொன்னார். போய்ப் பாத்தா வளவு மூலையில இருக்கற செம்புக் குழாய் வாயில புறா கூடு, தண்ணி கல்தொட்டி வழிஞ்சு பின்வாசல் வழியா தெருவுக்குப் போன தடம் செவுத்துல கறையா இருக்கு. அதை இல்லைன்னு எழுதினேன். மிச்சம் ரெண்டு வீட்டுல ஒண்ணு மலேசியாவுல இருக்காங்க, ராத்திரி கூப்பிடச் சொல்லியிருக்காங்க. இன்னொண்ணுக்கு சாவி யார்கிட்ட இருக்குன்னே யாருக்கும் தெரியல, அந்த ஒரு ஃபார்ம் 6.25 வீட்டைப் பிடிச்சுட்டு நிக்குது.

கோட்டையூர்_வள்ளி
அது எந்தத் தெருன்னு எனக்குத் தனியா அனுப்பு ஆத்தா. எங்க அயித்தைக்கு அந்தப் பக்கம் எல்லா வீட்டுச் சாவியும் எங்க இருக்குன்னு தெரியும்.